எங்களிடம் வாங்காத சாரி பற்றி ஒரு பதில்

வணக்கம் சகோதரி,

கைத்தறி என்று நம்பி வாங்கிய சாரி கைத்தறியே இல்லை, முதல் தோய்ப்பிலேயே சாயமும் போய்விட்டது என்று எங்கள் கைத்தறிக் கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டு நீங்கள் எழுதியதை ஆறுதலாக வாசித்தேன். இப்படியான குறிப்புகளுக்கு வழக்கமாக 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். உங்களுடையதை அப்படி விட மனம் வரவில்லை. சாயம், விலை, கடையில் பழகிய விதம், அப்புறம் கைத்தறிக்குப் பேர்போன எங்கள் மருதமுனையின் பெயர் என்று எல்லாவற்றையும் தொட்டிருக்கிறீர்கள். அதனால் பதிலும் நீளமாகிவிட்டது.

முதலில் சொல்ல வேண்டியது: நீங்கள் படம் போட்டிருக்கும் சாரி எங்கள் கடையில் வாங்கியதல்ல. போன வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, 3,900 ரூபாவை கார்ட்டில் கட்டி, அங்கே நின்ற பிள்ளையிடம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் நாங்கள் ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருப்போம். எங்களிடம் கார்ட் மெஷினும் கிடையாது. காசாகக் கொடுப்பார்கள், அல்லது வங்கிக் கணக்குக்குப் போட்டுவிடுவார்கள். கடையில் நிற்பது நானும் என் மச்சானும்தான். எங்களிடம் உள்ள சாரிகளில் ஆகக் குறைந்தது, ஒரே நிறத்தில் கரை மட்டும் வைத்தது, 5,500 ரூபா. 3,900க்குள் கேட்டால் சாரனும் கட்டில் விரிப்பும்தான் எடுத்துக் காட்ட முடியும். இருந்தாலும் ஒருவேளை எங்களுக்குத்தான் மறந்துவிட்டதோ என்று பில் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தொகைக்கு சாரி ஒன்றும் போகவில்லை.

நீங்கள் எங்களுக்கு முற்றிலும் புதியவர் என்றும் சொல்லவரவில்லை. இதே பெயரிலும் இதே முகப்புப் படத்திலும் வட்ஸ்அப்பில் ஒருவர் விலை கேட்டிருந்தார். உடல் முழுக்கப் பூ வைத்து நெய்த சாரி ஒன்றுக்கு 7,800 என்று சொன்னோம். விலை கூடுதல் என்றார், அத்தோடு பேச்சு முடிந்தது. அது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். அந்த உரையாடலை இங்கே எடுத்துப் போட மாட்டேன், அது உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் நடந்தது. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போவதில் குறையும் இல்லை. கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான், அவர்களுக்கும் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவோம். எங்களிடம் கேட்ட விலையும் வேறெங்கோ வாங்கிய சாரியும் பிறகு ஒன்றாகக் கலந்துபோயிருக்கலாம். இந்த வீதியில் சாரிக் கடைகள் பல, பெயர்ப் பலகைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. நீங்கள் வாங்கிய கடை எது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களும் ஊகிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி அந்தச் சாரி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முந்தானையின் ஒரு மூலை மடிந்து மறுபக்கம் தெரிகிறது. முன்பக்கம் கடும் சிவப்பாக இருக்கிற பூ, மறுபக்கத்தில் வெளிறிக் கிடக்கிறது. நெய்த பூ அப்படி இராது. கைத்தறியில் முதலில் நூலுக்குச் சாயம் போடுகிறோம், பிறகுதான் அந்த நூலால் நெய்கிறோம். அதனால் நிறம் நூலின் உள்வரை இருக்கும், துணியை எந்தப் பக்கம் புரட்டினாலும் மங்காது. மறுபக்கத்தில் பூவுக்கும் பூவுக்கும் இடையே நூல் ஓடிய தடமோ வெட்டிய நுனியோ தெரியலாம், அது வேறு விடயம். ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால், பெரும்பாலும் அது வெள்ளைத் துணியில் மேலாக அச்சடித்தது. ஆகவே 'இது கைத்தறி இல்லை' என்று நீங்கள் எழுதியதை நானும் ஒத்துக்கொள்கிறேன். துணியைப் பற்றி உங்கள் கண் சொன்னது சரி. கடைதான் மாறிவிட்டது.

துணியின் ஓரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் வாங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் கவனம் தேவை. நெய்யும்போது துணி சுருங்காமல் அகல விரித்துப் பிடிக்க இரண்டு ஓரத்திலும் முள் வைத்த கட்டை மாட்டுவோம், அந்த முள்ளின் தடம்தான் துளையாகத் தெரிகிறது. மெஷின் தறியிலும் துணியைப் பிடிக்க முள் உண்டு, அங்கேயும் துளை விழும். அதை மட்டும் பார்த்து முடிவுக்கு வர முடியாது. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கையால் அடித்து நெய்த துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் ஓரிடத்தில் சற்று நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் சற்றுத் தளர்வாகவும் இருக்கும். காலையில் தறியில் உட்கார்ந்த கையும் மாலையில் களைத்த கையும் ஒரே பலத்தில் அடிக்காது. மெஷின் துணியில் ஐந்தரை மீற்றருக்கும் ஒரே சீர்தான். மெஷினில் நெய்ததை மெஷின் துணி என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை, என் வீட்டிலும் அப்படியான சாரிகள் இருக்கின்றன. கைத்தறி என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று.

சாயம் போனதைப் பற்றி. அச்சடித்த சிவப்பு முதல் தோய்ப்பிலேயே வெள்ளையில் பரவியதற்கு நானோ நீங்களோ இப்போது செய்யக்கூடியது அதிகமில்லை. உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்காதுதான். சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, நிறம் நூலில் ஏற அது உதவும். துணியாகி வீட்டுக்கு வந்த பிறகு உப்பால் சாயத்தைப் பிடித்து வைக்க முடியாது. நாங்கள் பயன்படுத்துவது வாட் சாயம், பருத்தியில் தோய்ப்புக்கு நன்றாகத் தாங்கும். ஆனாலும் கடும் சிவப்பும் கருநீலமும் வாங்குகிறவர்களிடம் முதல் தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடச் சொல்லித்தான் கொடுப்போம். நூலின் மேலே ஒட்டியிருக்கும் மிச்சச் சாயம் அந்த முதல் தண்ணீரில் கொஞ்சம் இறங்கலாம். அதற்குப் பிறகும் நிறம் இறங்கிக்கொண்டே இருந்தால் சாயம் போட்டதில் பிழை. எங்கள் சாரி அப்படி ஆனால் பில்லோடு கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். இது புதிதாகச் சொல்வதல்ல, பில்லின் பின்பக்கத்தில் அடித்தே இருக்கிறது.

'விலை கொள்ளை' என்ற வரிக்கு வருகிறேன். 7,800 சின்னத் தொகை இல்லை, எனக்கும் தெரியும். ஒரு சாரி தறியில் ஏறுமுன் நூலுக்குச் சாயம் போட்டு, காய வைத்து, சுற்றி, நீளவாக்கு நூலைப் பாவு ஓட வேண்டும். ஊடை நூலைச் சிறு குழலில் தாராகச் சுற்ற ஒருவர் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செய்கிற வேலை, நெய்கிறவர் பெயர் வெளியே தெரியும் அளவுக்குக்கூட அவர்கள் பெயர் தெரிவதில்லை. பிறகுதான் நெசவு. வெறும் கரைச் சாரி என்றால் ஊடை நூலைக் கொண்டு போகும் நாடா தடையில்லாமல் ஓடும். உடல் முழுக்கப் பூ என்றால் ஒவ்வொரு பூவுக்கும் நின்று, நூலைக் கையால் கோத்துத்தான் போக வேண்டும், வேலை நாட்கணக்கில் இழுக்கும். இத்தனை பேருக்கும் கூலி போக வேண்டும். எங்கள் நூல் இந்தியாவிலிருந்து வருகிறது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது நூல் விலையும் சாயத்தின் விலையும் கூடவே ஏறின. அந்த வருடம் பெருநாளுக்கு என்ன விலை போடுவது என்று தெரியாமல் முழித்தோம். இவ்வளவையும் கேட்ட பிறகும் உங்களுக்கு விலை கூடுதலாகத் தோன்றினால் அது நியாயமான அபிப்பிராயம்தான், அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதியது எங்கள் ஆட்களைப் பற்றியதாக இருக்க வழியில்லை, நீங்கள் சொல்லும் பிள்ளை எங்கள் கடையில் இல்லை. ஆனால் ஒரு கடையில் உங்களை அப்படி நடத்தியிருந்தால் அது தவறுதான்.

மனதை உறுத்தியது உங்கள் மூன்றாவது வரி. 'மருதமுனையில் இப்போது கைத்தறியே கிடையாது, எல்லாம் ஏமாற்று' என்கிறீர்கள். தறிகள் குறைந்திருப்பது உண்மை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கரைப்பக்கம் இருந்த வீடுகளோடு தறிகளும் போயின. சிலர் மறுபடி தறி வைத்தார்கள், சிலர் அத்தோடு விட்டுவிட்டார்கள். இப்போதைய பிள்ளைகள் தறிக்குழியில் உட்காருவதைவிட கட்டாருக்கோ சவூதிக்கோ போகத்தான் பார்க்கிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கிடையாது என்பது சரியில்லை. எங்களுக்கு நெய்து தருகிறவர்களின் வீடுகள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. காலையில் வந்தால் நானே கூட்டிப் போய்க் காட்டுவேன். ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. நெய்கிறவர்களுக்கு இந்த நட்சத்திரக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் இருந்து ஓடர் தருகிறவர்கள் இதை வாசித்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள், வாசித்துவிட்டு எடுக்காமல் விட்டால் முதலில் நிற்பது அந்த நெய்கிறவர்களுடைய தறி.

உங்களுக்கு இப்போது என்ன செய்யலாம் என்றும் யோசித்தேன். வாங்கிய இடத்தின் பில் கையில் இருந்தால் அதையும் சாரியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்கே மறுபடி போங்கள். கைத்தறி என்று சொல்லித்தான் விற்றார்கள் என்பதை அமைதியாகச் சொல்லுங்கள். பில் தரவில்லை என்றாலும் கார்ட்டில் கட்டியதாகச் சொல்கிறீர்கள், அப்படியானால் வங்கிக் கணக்கு விவரத்தில் கடையின் பெயரும் திகதியும் இருக்கும். எந்தக் கடை என்ற சந்தேகமும் அங்கேயே தீர்ந்துவிடும். அவர்கள் கேட்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். துணியைப் பற்றி யாராவது விவரம் சொல்ல வேண்டும் என்றால் சாரியை எங்களிடம் கொண்டுவாருங்கள். அது நெய்ததா, அச்சடித்ததா, சாயம் ஏன் இறங்கியது என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

இந்தக் குறிப்பை முறைப்பாடு செய்து நீக்கச் சொல்லி வீட்டில் பிள்ளைகள் சொன்னார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகு நீங்களே அதைத் திருத்துவதா எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள். எங்கள் கடைக்குப் போட்ட நட்சத்திரம் ஒன்றாகவே இருந்தாலும் பரவாயில்லை, ஊரைப் பற்றிய அந்த மூன்றாவது வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
மருதமுனை