மாப்பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து

அன்புள்ள மாப்பிள்ளை கார்த்திக்,

இன்றோடு 35 முடிகிறது. இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்! விடிந்ததும் போன் போட்டுப் பாட வேண்டும் என்றாள் உங்கள் அத்தை. என் குரலில்தான் உங்கள் நாள் விடிய வேண்டுமா என்று யோசித்து, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் முடிந்து முதல் தடவை செம்பூர் வீட்டுக்கு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? உங்களுக்காகப் பக்கத்து வீட்டிலிருந்து கை வைத்த நாற்காலி ஒன்று இரவல் வாங்கி வைத்திருந்தோம். மாப்பிள்ளை முறுக்குக்கு எல்லா ஏற்பாடும் தயார். நீங்களோ சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நாற்காலியை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஆனால் எனக்கு மறக்காதது போன ஜூலை மழைதான். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, சயானோடு ரயில் நின்றுவிட்டது. வேறு யாராயிருந்தாலும் ஆபீஸுக்கே திரும்பியிருப்பார்கள், இல்லையென்றால் முலுண்டு வீட்டுக்குப் போக வழி தேடியிருப்பார்கள். இங்கே கரண்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருந்தோம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். முழங்கால் வரை மடித்த பேண்ட், கையில் ஷூ, சட்டைப் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் என் பிரஷர் மாத்திரை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாமா" என்றீர்கள்.

சும்மா! இடுப்பளவு தண்ணீரில்!

மாத்திரை தீர்ந்துபோனதைக் காலையில் வித்யாவிடம் பேச்சோடு பேச்சாகத்தான் சொல்லியிருந்தேன். அன்று உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. மூடி திறந்த சாக்கடைக் குழி இருக்கும் ரோட்டில் வெறுங்காலில் நடந்ததற்குத் திட்டத்தான் செய்தேன். திட்டினது திட்டினதுதான், அதை வாபஸ் வாங்கமாட்டேன். நன்றியை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த அன்றும் நீங்கள் சும்மாதான் வந்தீர்கள். மிக்ஸி ரிப்பேர் ஆன ஞாயிற்றுக்கிழமையும், ஸ்க்ரூ டிரைவரோடு, சும்மா. இந்த "சும்மா"வுக்கு எங்கள் வீட்டில் இப்போது தனி அர்த்தமே வந்துவிட்டது. அத்தைக்கு முட்டி வலி வந்தால், "மாப்பிள்ளை சும்மா வந்துவிடப் போகிறார், வித்யாவிடம் சொல்லாதே" என்று பேசிக்கொள்கிறோம்.

ஒரே ஒரு குறை. முப்பத்துநாலு வருடம் லோக்கலில் நான்காவது சீட்டில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு வி.டி. போய் வந்தவன் சொல்கிறேன்: கூட்டமாயிருந்தால் அடுத்த வண்டியில் போங்கள். வாசலில் தொங்காதீர்கள். வித்யா சொல்லிக்கொடுத்தாளா என்று அவளைக் கேட்க வேண்டாம். ஆமாம், அவள்தான்.

இதோ, அத்தை பேனாவைப் பிடுங்குகிறாள்.

மாப்பிள்ளை, நல்லா இருங்க. ஆவணி அஸ்தம் அன்றைக்கே சேடா நகர் முருகன் கோயிலில் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டேன். முட்டி வலியோடு படி ஏறினேனா என்று கேட்காதீர்கள், மெதுவாக ஏறினேன். எனக்கு நட்சத்திரம்தான் பிறந்தநாள். இந்த இங்கிலீஷ் தேதி, கேக் வெட்ட ஆசைப்படும் குட்டிக்காக.

சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை 42 சைஸ். போன வருடம் 40 எடுத்துவிட்டேன், நீங்களும் ஒன்றும் சொல்லாமல் நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டிருந்தீர்கள். பட்டன் தெறித்து பாயசத்தில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. இனிமேல் வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் என்ன ஊரான் வீட்டு மனுஷியா?

ஸ்டேஷன் வடாபாவையே காலைப் பலகாரம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என்றைக்காவது ஒருநாள் சரி.

அங்கே உங்கள் பில்டிங் கணபதிக்கு மோதகம் கொடுப்பார்கள், தெரியும். அது அதுதான், நம் பூரணக் கொழுக்கட்டை வேறு. அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே அலைய வேண்டாம். கொழுக்கட்டையும் வத்தக்குழம்பும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, பதினோரு மணிக்கு நாங்களே சும்மா அந்தப் பக்கம் வருகிறோம்.

அன்புடன்,
மாமா, அத்தை