தூக்கக் குறிப்பு: 2024 ஜூலை 8 முதல் 21 வரை

வயது 53. ஊர் பாளையங்கோட்டை. ஹார்டுவேர் கடையில் கணக்கு வேலை, காலை 9:30 முதல் இரவு 8 வரை. பிரஷருக்கு ஒரு மாத்திரை: டெல்மிசார்ட்டன் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்தது. மூன்று வருஷமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுகிறேன்.

டாக்டரிடம் போய் "ராத்திரி பூரா தூக்கமே இல்லை" என்று சொன்னால், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை தடவை விழிக்கிறீர்கள் என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் வேண்டும். அதற்காகத்தான் இந்த நோட்டு.

எழுதுவது காலையில், பல் தேய்த்ததும். தேதி அந்தக் காலையுடையது, கணக்கு முந்தின ராத்திரியுடையது. ராத்திரியில் பேனாவைத் தொடுவதில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்தாயிற்று, போன் ஹாலில் கிடக்கும். மணி பார்க்க ஆரம்பித்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் ராத்திரி நேரமெல்லாம் உத்தேசம்தான். இந்த இரண்டு வாரமும் எந்தப் பழக்கத்தையும் மாற்றப் போவதில்லை. இருக்கிறபடி தெரிந்தால்தானே பிரயோஜனம். பக்கத்தில் படுக்கும் மனைவி செல்வி, தான் பார்த்ததை அவள் கையாலேயே எழுதுவாள்.

8, திங்கள்
படுத்தது 9:45. தூக்கம் வந்தது 10:45. எழுந்தது 1:30 (பாத்ரூம், 10 நிமிஷம்), 3:30 (பாத்ரூம், திரும்பத் தூங்க முக்கால் மணி). கடைசி விழிப்பு 5:15. கட்டிலை விட்டது 6. தூங்கியது 5 மணி 35 நிமிஷம்.
நேற்று ஞாயிறு, மத்தியானம் 2 முதல் 3:45 வரை தூக்கம். வாய் வறண்டு கிடந்தது.

9, செவ்வாய்
படுத்தது 9:30. தூக்கம் 10:40. எழுந்தது 1 மணி (10 நிமிஷம்), 3:15 (முக்கால் மணி). விழிப்பு 5, கட்டிலை விட்டது 5:45. தூங்கியது 5:25.
முந்தின நாள் சரியாகத் தூங்கவில்லையே என்று சீக்கிரம் படுத்தேன். படுத்து என்ன, ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

10, புதன்
படுத்தது 9:30. தூக்கம் 10:30. எழுந்தது 1:15 (15 நிமிஷம்), 3:30 (ஒரு மணி நேரம்). விழிப்பு 5:30, கட்டிலை விட்டது 6. தூங்கியது 5:45.
மூன்றரைக்கு எழுந்தவுடன் வாடகை, மகள் கல்யாணக் கடன் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. பகலில் இந்தக் கவலை இவ்வளவு பெரிசாகத் தெரிவதில்லை.

11, வியாழன்
படுத்தது 11:15. தூக்கம் 11:30. எழுந்தது ஒரே தடவை, 3:30 (15 நிமிஷம்). விழிப்பு 5:45, கட்டிலை விட்டது 6. தூங்கியது 6 மணி நேரம்.
கடையில் ஸ்டாக் எடுப்பு, வீட்டுக்கு வரவே பத்தே கால். படுத்ததும் தூங்கிவிட்டேன். காலையில் அட்டையைப் பார்த்தால் நேற்றைய மாத்திரை அப்படியே இருக்கிறது. அசதியில் மறந்திருக்கிறேன். அதற்காக இன்று இரண்டாகப் போடக் கூடாது, வழக்கம்போல ஒன்றுதான்.

12, வெள்ளி
படுத்தது 10. தூக்கம் 10:30. எழுந்தது 1:30 (10 நிமிஷம்), 3:30 (அரை மணி). விழிப்பு 5:15, கட்டிலை விட்டது 5:45. தூங்கியது 6:05.
செல்வி: 12 மணி இருக்கும், மல்லாந்து படுத்துக் கடுமையான குறட்டை. திடீரென்று சத்தமே இல்லை. நான் எழுந்து பார்ப்பதற்குள் மூச்சுத் திணறினாற்போல ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி குறட்டை. அவருக்கு எதுவும் தெரியவில்லை.

இதைப் படித்ததும் பயமாகத்தான் இருந்தது. நான் விழித்த கணக்கில் 12 மணி வரவே இல்லை. எனக்கே தெரியாமல் என்னென்ன நடக்கிறதோ.

13, சனி
படுத்தது 10:15. தூக்கம் 10:45. எழுந்தது 1:30 (10 நிமிஷம்), 3:15 (முக்கால் மணி). விழிப்பு 5:15, கட்டிலை விட்டது 5:45. தூங்கியது 5:35.
மாத்திரை வாங்கப் போனபோது மெடிக்கல் ஷாப் தம்பியிடம் கேட்டேன். இதில் பிரஷர் மருந்தோடு நீர் பிரிய வைக்கிற மருந்தும் சேர்ந்திருக்கிறது, நிறைய பேர் காலையில் போடுவார்கள், ஆனால் டாக்டரைக் கேட்காமல் நேரத்தை மாற்றாதீர்கள் என்றார். வியாழக்கிழமை ஒரே தடவை எழுந்தது ஞாபகம் வந்தது. ஒரு ராத்திரியை வைத்து முடிவு கட்ட முடியாது, எழுதி வைக்கிறேன்.

14, ஞாயிறு
படுத்தது 10:30. தூக்கம் 10:45. எழுந்தது 2 (10 நிமிஷம்), 4 (20 நிமிஷம்). விழிப்பு 6:15, கட்டிலை விட்டது 6:30. தூங்கியது 7 மணி நேரம்.
செல்வி: ஒருக்களித்துப் படுத்திருந்தார். குறட்டை குறைவு.

முதல் வாரக் கணக்கு: படுக்கையில் 55 மணி நேரம். தூங்கியது 41 மணி 25 நிமிஷம். சராசரி ஒரு ராத்திரிக்கு 5 மணி 55 நிமிஷம்.

15, திங்கள்
படுத்தது 9:45. தூக்கம் 11:30. எழுந்தது 1:45 (முக்கால் மணி), 3:45 (அரை மணி). விழிப்பு 5:15, கட்டிலை விட்டது 6. தூங்கியது 4:30.
நேற்று மச்சான் வீட்டில் பிரியாணி, 2 முதல் 4 வரை தூக்கம். அதன் பலன், படுத்து ஒன்றே முக்கால் மணி நேரம் தூக்கம் வரவில்லை. மாடியில் பையன்கள் யூரோ கோப்பை பைனல் பார்த்துக்கொண்டு போட்ட சத்தம் வேறு. ஸ்பெயின் ஜெயித்ததாம். ஆனால் அவர்கள் சத்தம் போட்டது பன்னிரண்டரைக்கு மேல், நான் முழித்துக் கிடந்ததோ அதற்கு முன்னாலேயே. பழி பகல் தூக்கத்தின் மேல்தான்.

16, செவ்வாய்
படுத்தது 9:15. தூக்கம் 10:30. எழுந்தது 1 (15 நிமிஷம்), 3 (ஒன்றே கால் மணி). விழிப்பு 5:15, கட்டிலை விட்டது 5:45. தூங்கியது 5:15.
நேற்று சாயங்காலம் மொபெட்டில் வரும்போது சிக்னலில் நின்ற இடத்திலேயே கண் மூடிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்ததும்தான் முழித்தேன். நின்றிருந்த வண்டி என்பதால் தப்பித்தேன். டாக்டரைப் பார்க்கும் வரை வண்டியைத் தொடுவதில்லை, கடைக்குப் பஸ்தான். பழக்கம் எதையும் மாற்ற மாட்டேன் என்று எழுதியிருந்தேன், இது மட்டும் விதிவிலக்கு. திங்கள்கிழமைக்கு இன்றே டோக்கன் போட்டுவிட்டேன்.

17, புதன்
படுத்தது 10. தூக்கம் 10:30. எழுந்தது 1:30 (10 நிமிஷம்), 3:30 (35 நிமிஷம்). விழிப்பு 5:45, கட்டிலை விட்டது 6. தூங்கியது 6:30.

18, வியாழன்
படுத்தது 10:15. தூக்கம் 10:25. எழுந்தது 2 (10 நிமிஷம்), 4:15 (10 நிமிஷம்). விழிப்பு 6, கட்டிலை விட்டது 6:15. தூங்கியது 7:15.
நேற்று மொஹரம் விடுமுறை. குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்தோம். சாரல், நல்ல நடை, பகலில் படுக்கவே இல்லை.
செல்வி: இன்றும் அந்த மூச்சு நிற்கிற மாதிரி இரண்டு தடவை பார்த்தேன்.

கவனிக்க வேண்டியது: இவ்வளவு தூங்கியும் மத்தியானம் 3 மணிக்குக் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே சொக்கிவிட்டேன். காலையில் தலை கனம். நேரம் போதவில்லை என்பது மட்டும் பிரச்சினை இல்லை போலிருக்கிறது. (இந்த வரி அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் எழுதியது.)

19, வெள்ளி
படுத்தது 10. தூக்கம் 10:45. எழுந்தது 1:15 (10 நிமிஷம்), 3:30 (40 நிமிஷம்). விழிப்பு 5:15, கட்டிலை விட்டது 5:45. தூங்கியது 5:40.
ஆடிட்டர் ஆபீஸ் ஆள் வந்திருந்தார். 6 மணி டீயோடு 7:15க்கு இன்னொன்று.

20, சனி
படுத்தது 10. தூக்கம் 10:40. எழுந்தது 1:30 (10 நிமிஷம்), 3:30 (அரை மணி). விழிப்பு 5:20, கட்டிலை விட்டது 5:45. தூங்கியது 6 மணி நேரம்.
நேற்றும் அதே இரண்டு டீ. செல்வி: மூச்சு நின்றது ஒரு தடவை, மல்லாந்திருந்தபோது.

21, ஞாயிறு
படுத்தது 10:45. தூக்கம் 11. எழுந்தது 2 (10 நிமிஷம்), 4 (20 நிமிஷம்). விழிப்பு 6, கட்டிலை விட்டது 6:15. தூங்கியது 6:30.
கோயம்புத்தூரிலிருந்து மகள் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தாள், அதனால் தாமதம். கண் அசந்த பிறகுதான் படுத்தேன்.

டாக்டரிடம் கொடுக்கும் பக்கம்

14 ராத்திரியில் படுக்கையில் இருந்தது மொத்தம் 110 மணி 45 நிமிஷம். தூங்கியது 83 மணி 5 நிமிஷம். படுக்கையில் கிடக்கிற நேரத்தில் முக்கால் பங்குதான் தூக்கம். சராசரி ராத்திரிக்கு 5 மணி 56 நிமிஷம். "தூக்கமே இல்லை" என்று தோன்றினாலும் தூக்கம் இருக்கிறது, துண்டு துண்டாக இருக்கிறது.

பத்து மணிக்கு முன் படுத்தது 5 ராத்திரி. தூக்கம் வரச் சராசரி 74 நிமிஷம், தூங்கியது 5 மணி 18 நிமிஷம். பத்துக்கோ அதற்குப் பிறகோ படுத்தது 9 ராத்திரி. தூக்கம் வர 26 நிமிஷம், தூங்கியது 6 மணி 17 நிமிஷம். சீக்கிரம் படுத்தால் ஒரு மணி நேரம் குறைகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த ஐந்தில் இரண்டு, ஞாயிறு மத்தியானம் தூங்கிய நாளின் ராத்திரி.

13 ராத்திரி இரண்டு தடவை பாத்ரூம். ஒரு ராத்திரி மட்டும் ஒரு தடவை, அன்று மாத்திரை மறந்தது.

குறட்டையோடு மூச்சு நின்றாற்போல இருந்ததை மனைவி 3 ராத்திரி பார்த்திருக்கிறார். மல்லாந்து படுத்தால் அதிகம். வாய் வறட்சி, காலையில் தலை கனம், பகலில் சொக்கல். 15ஆம் தேதி சிக்னலில் கண் மூடியது.

கேட்க வேண்டியவை:
மாத்திரையைக் காலையில் போடலாமா? நானாக இதுவரை மாற்றவில்லை.
ராத்திரி அடிக்கடி எழுவதற்குச் சர்க்கரையோ ப்ராஸ்டேட்டோ காரணமா? அதற்கு என்ன டெஸ்ட்?
குறட்டைக்குத் தூக்கப் பரிசோதனை எடுக்க வேண்டுமா? எடுப்பதானால் யாரிடம் போவது, காது மூக்கு தொண்டையா, நுரையீரல் டாக்டரா?
மூச்சுக் கோளாறு இருந்தால் தூக்க மாத்திரை அதை மோசமாக்குமா? அது தெரியாமல் தூக்க மாத்திரை வேண்டாம் என்று நினைக்கிறேன்.
எப்போதிலிருந்து மறுபடி வண்டி ஓட்டலாம்?

டோக்கன் திங்கள் சாயங்காலம் 6:30. அன்று கடையிலிருந்து சீக்கிரம் கிளம்ப முதலாளியிடம் சொல்லியாயிற்று. செல்வியும் வருகிறாள், மூச்சு நிற்பதை நேரில் பார்த்தவள் அவள்தான்.