லேப் வேலைக்கான ஆஃபர்: வர விருப்பம், சம்பளமும் பதவியும் குறித்துச் சில கோரிக்கைகள்

வணக்கம் மிஸ் தேவிகா,

நேற்று நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரையும் வேலைப் பட்டியலையும் நிதானமாகப் படித்தேன். சபாக் பெர்ணம் பாமாயில் மில்லின் இந்த லேப் வேலைக்கு வர எனக்கு முழு விருப்பம் இருக்கிறது. லெட்டரில் உள்ள பதவியும் சம்பளமும்தான் ஒத்துவரவில்லை. அவற்றை மில் நிர்வாகத்திடம் பேசித் திருத்தித் தர முடியுமா என்று கேட்கவே எழுதுகிறேன்.

விருப்பம் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. இன்டர்வியூ முடிந்ததும் மில் மேனேஜர் என்னை லேப்புக்குக் கூட்டிப்போனார். தராசு புதிது, சாம்பிளை உலர்த்தும் அடுப்பு புதிது, எண்ணெய் பிரிக்கும் செட்டும் புதிது. ரெக்கார்டு புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் சிதைந்து உண்டாகும் கொழுப்பு அமிலத்தின் அளவான எப்.எப்.ஏ கணக்கு நாள் தவறாமல் இருந்தது. ஆனால் நாரிலும் கழிவுநீரிலும் எவ்வளவு எண்ணெய் வீணாகிறது என்ற பத்தி பாதி நாட்கள் காலியாகக் கிடந்தது. "இதை எடுத்து ஒழுங்குபடுத்த ஒரு ஆள் வேணும்" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முதல் மாதம் எதைச் செய்வது, எந்த இடத்தில் சாம்பிள் கூட்டுவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் இருந்தது லேப் சூப்பர்வைசர். ஃபோனில் நாம் முதல் தடவை பேசியபோதும் அதைத்தான் சொன்னீர்கள், நானும் 3,600 ரிங்கிட் எதிர்பார்க்கிறேன் என்று சொன்னேன். லெட்டரில் இருப்பது லேப் அசிஸ்டென்ட், அடிப்படைச் சம்பளம் 2,500. ஆனால் கூடவே வந்த வேலைப் பட்டியல் மாறவில்லை. இரண்டு ஷிப்டிலும் சாம்பிள் எடுப்பவர்களைப் பார்த்துக்கொள்வது, தினசரி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது, கழிவுநீர்க் குளங்களின் சாம்பிளை வெளி லேப்புக்கு அனுப்பிக் கணக்கு வைப்பது, பாமாயிலுக்கான எம்.எஸ்.பி.ஓ சான்றிதழ்த் தணிக்கைக்கு ஃபைல் தயார் செய்வது, கருவிகளின் அளவுத்திருத்தத் தேதிகளைப் பார்ப்பது எல்லாம் அதில் இருக்கிறது. தணிக்கைக்காரர் வந்து கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர்தான். அந்தப் பொறுப்பை நான் சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறேன். பதவியும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்று இருக்கும்போது 2,500 நல்ல தொகைதானே என்று மில் தரப்பில் கேட்டதாகச் சொன்னீர்கள். அந்த 1,700 நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் பொருந்தும் சட்ட அளவு. நான் 2019-இல் டிப்ளோமா முடித்த கையோடு மில் லேப்பில் சேர்ந்தவள். இப்போது என் அடிப்படைச் சம்பளம் 2,850, பே சிலிப் உங்களிடம் இருக்கிறது. ஊர் மாறிப் போய், பொறுப்பையும் கூட்டிக்கொண்டு, 350 ரிங்கிட் குறைவாக வாங்கினால் வீட்டில் கணக்கு நிற்காது.

ஓ.டி-யில் ஈடுகட்டிவிடலாம் என்ற யோசனையையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, பிறகு 8-ஆல் வகுத்து, ஒன்றரை மடங்கு. 2,850-க்கு ஒரு மணி நேரம் 20.55 வருகிறது, 2,500-க்கு 18.03. அதாவது நான் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் இப்போது கிடைப்பதைவிட இரண்டரை ரிங்கிட் குறைவு. சேமநிதியான இ.பி.எப்-இல் முதலாளி போடும் 13 சதவீதமும் அடிப்படையோடு சேர்ந்தே இறங்கும், மாதம் 45.50 போய்விடும். அதற்கும் மேலாக, ஓ.டி மில்லுக்கு வரும் பழக்குலையின் வரத்தைப் பொறுத்தது. பழம் குவியும் மாதங்களில் மில் ராத்திரி பகலாக ஓடும். வரத்துக் குறையும்போது சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். வாடகையும் அம்மாவின் மருந்துச் செலவும் வரத்தைப் பார்த்துக் குறைவதில்லை. அதனால் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே பேசலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்கும் தொகைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று மில் கேட்பது நியாயம். ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை அப்படியே மேனேஜரிடம் சொல்லலாம். இப்போது நான் இருக்கும் மில்லில் ஒரு சீசனில் எப்.எப்.ஏ மெல்ல ஏறி 4 சதவீதத்தைத் தாண்டியது. 5-ஐத் தாண்டினால் விற்கும்போது விலையில் கை வைப்பார்கள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். பழம் சரியில்லை, தோட்டத்தில் அறுவடை லேட் என்றுதான் எல்லாரும் பேசினார்கள். நான் டேங்க் சாம்பிளோடு நிறுத்தாமல், பிரஸ்ஸிலிருந்து வரும் எண்ணெயை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து டைட்ரேஷன் போட்டு அமிலத்தை அளந்தேன். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில், அந்தக் குலை எந்த லாரியில் வந்தது, குலையைக் கொட்டி வைக்கும் ரேம்ப்பில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று பாதுகாவலர் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். காலை முதல் ஷிப்டில் மட்டும் இளஞ்சிவப்பு நிறம் வருவதற்குள் பியூரெட்டிலிருந்து நிறையக் கரைசல் இறங்கியது, அதாவது அமிலம் அதிகம். முந்தின நாள் சாயங்காலம் கொட்டிய குலைமேல் புதுக் குலையைக் கொட்டியதால் அடியில் இருந்தது ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறது. அடிபட்ட பழத்தில் உள்ள என்சைம் எண்ணெயைச் சிதைத்துக்கொண்டே இருக்கும், ஸ்டெரிலைசரில் ஆவி ஏறினால்தான் அது அடங்கும். முதலில் வந்தது முதலில் உள்ளே போகட்டும் என்று ரேம்ப்பைப் பிரித்து மாற்றினார்கள். அந்த மாதக் கடைசியில் எப்.எப்.ஏ மூன்றரைக்குக் கீழே வந்தது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. சபாக் பெர்ணம் மில்லில் காலியாகக் கிடக்கும் அந்தப் பத்தியை நிரப்பத் தொடங்கினால், எண்ணெய் எங்கே போகிறது என்பதும் இப்படித்தான் தெரியவரும்.

இனி என் கோரிக்கைகள். பதவி லேப் சூப்பர்வைசர் என்றும், அடிப்படைச் சம்பளம் 3,600 என்றும் லெட்டரில் மாற்றித் தரும்படி கேட்கிறேன். தொடக்கத்திலேயே அந்தத் தொகைக்கு மில் தயங்கினால் இன்னொரு வழியும் எனக்குச் சம்மதம்தான். தகுதிகாண் காலத்தை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாக்கி, அதுவரை 3,250, நிரந்தரமானதும் 3,600 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் அந்த உயர்வு லெட்டரிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்ற வாய்ச்சொல் போதாது. மேனேஜர்மேல் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. மேனேஜர்கள் ஒரு மில்லிலிருந்து இன்னொரு மில்லுக்கு மாற்றலாகிப் போவது வழக்கம், புதிதாக வருபவர் கையில் இருக்கும் காகிதத்தைத்தான் பார்ப்பார்.

அடுத்தது வீடு. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து தினமும் போய்வர முடியாது, அதிலும் ஷிப்ட் வேலை. மில் குவார்ட்டர்ஸில் ஸ்டாஃப் வீடு இரண்டு காலியாக இருப்பதாக அன்று கிராணி சொன்னார். அதில் ஒன்று கிடைத்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். கொடுக்க முடியாவிட்டால் மாதம் 350 வீட்டு அலவன்ஸ் கேட்கிறேன். இரண்டில் எது சுலபமோ அதைச் செய்யட்டும், ஆனால் எனக்குப் பிடித்தது வீடுதான். சம்பளத்துக்கு அடுத்தபடியாக இதுதான் எனக்கு முக்கியம், அதனால் கொஞ்சம் அழுத்திப் பேசுங்கள்.

லீவைப் பற்றி ஒரு வரி. ஐந்து வருடத்துக்கு மேல் ஆனதால் இப்போது எனக்கு வருடத்துக்கு 16 நாள் இருக்கிறது. புது இடத்தில் சட்டப்படி 8 நாளிலிருந்து தொடங்க வேண்டும். 12 நாள் கொடுத்தால் போதும். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கான சான்றிதழ் கோர்ஸுக்கு நிரந்தரமான பிறகு மில் செலவில் அனுப்பினால் நல்லது. அது கோரிக்கையைவிட ஒரு யோசனை, மில்லுக்கும் அந்தச் சான்றிதழ் உள்ள ஆள் தேவைப்படும். இவை இரண்டிலும் விட்டுக்கொடுக்க நான் தயார். மெடிக்கல் கார்டு, சொக்சோ, ஷிப்ட் நேரம் எல்லாம் லெட்டரில் உள்ளபடியே சரி, அதில் எனக்கு ஒன்றும் கேட்பதற்கில்லை.

சேரும் தேதியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். லெட்டரில் ஒரு மாதம் என்று போட்டிருக்கிறது. என் நோட்டீஸ் எட்டு வாரம். இங்கே என் இடத்துக்கு வரும் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போக நினைக்கிறேன், பாதியில் விட்டுவிட்டு வர மனமில்லை. மிச்சமிருக்கும் லீவைக் கழித்துக்கொண்டால் ஏழு வாரத்தில் வந்துவிட முடியும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் வந்து லேப்பில் இப்போது இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தயார், அதற்குச் சம்பளம் கேட்க மாட்டேன்.

மில்லின் சம்பள அட்டவணையில் சூப்பர்வைசருக்கு உச்ச வரம்பு ஏதாவது இருந்தால் என்னிடம் தயங்காமல் சொல்லுங்கள். எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று தெரிந்தால், அதற்கேற்ற மாதிரி நானும் யோசித்துச் சொல்ல முடியும். தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னீர்கள். கோரிக்கைகளை மட்டும் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி இன்று இரவே தனியாக அனுப்புகிறேன், அப்படியே அவர்களுக்குத் தள்ளிவிடலாம்.

லெட்டரில் கையெழுத்துப் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று இருக்கிறது. தலைமையகம் பதில் சொல்ல நேரம் எடுத்தால் அடுத்த புதன்கிழமை வரை தள்ளித்தர முடியுமா என்று மேனேஜரிடம் கேட்டுச் சொல்லுங்கள். வேறு இடத்து ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நேரம் கேட்கவில்லை. திருத்திய லெட்டர் வந்தால் அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

இந்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட், நான்கு மணிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். லேப்பில் இருக்கும்போது ஃபோன் லாக்கரில் இருக்கும், எடுக்கவில்லை என்றால் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். மேனேஜர் என்னிடம் நேரில் பேச விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கே வருகிறேன்.

இதுவரை எனக்காகப் பேசியதற்கு நன்றி மிஸ் தேவிகா.

அன்புடன்,
கோகிலா
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்