செவ்வாய் இரவு கடைத் தளம் நின்றது ஏன், இனி என்ன செய்கிறேன்

அன்புள்ள அக்கா,

காலையில் நீங்கள் எடுத்தபோது "டிஸ்க் நிறைஞ்சு போச்சு, இப்ப சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது உங்களுக்குப் பதில் ஆகாது. ரொறன்ரோவில் இருந்து உங்கள் மச்சாள் அனுப்பிய வொய்ஸ் மெசேஜைக் கேட்டேன், "கடையைப் பூட்டிட்டியளோ" என்று கேட்கிறா, நியாயமான கேள்விதான். அதனால் இன்று பின்னேரம் லொக் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டு, முழுதாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். அவசரமென்றால் முதலில் 2318, 2319 என்ற இரண்டு ஓர்டர்களைப் பற்றிய பகுதியைப் பாருங்கள், அதில் மட்டும் உங்கள் கை வேண்டும்.

முதலில் பயங்களைத் தீர்த்துவிடுகிறேன். யாரும் ஹேக் செய்யவில்லை. வாடிக்கையாளர் விவரம் எதுவும் வெளியே போகவில்லை, அட்டை இலக்கங்கள் நம் சேர்வருக்கு வருவதே இல்லை, அவை பணம் கட்டும் பக்கத்தோடு முடிந்துவிடும். கரண்டும் காரணம் இல்லை. நம் சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, கிளிநொச்சியில் கரண்ட் போனால் என் ரவுட்டர்தான் சாகும், கடைக்கு ஒன்றும் ஆகாது. இடத்தை வாடகைக்குத் தந்த நிறுவனத்தின் தவறும் இல்லை. தவறு நான் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது.

ஒவ்வொரு இரவும் 1.10க்குக் கடையை முழுதாகப் பிரதி எடுத்து, அதை உங்கள் கடை ஜிமெயில் கணக்கோடு வரும் 15 ஜிபி இடத்துக்கு அனுப்பும்படி வைத்திருக்கிறேன். அனுப்பி முடிந்த பிறகுதான் சேர்வரில் உள்ள பிரதியை அழிக்கும். அந்த வரி இதுதான்:

```
rclone copy /var/backups/kadai drive:kadai && rm -f /var/backups/kadai/*.gz
```

நடுவில் இருக்கும் && தான் கதை. முதல் வேலை ஒழுங்காக முடிந்தால் மட்டுமே இரண்டாவதைச் செய் என்று அர்த்தம். அனுப்பாமல் அழித்துவிடக்கூடாது என்று நினைத்து அப்படி எழுதினேன், அந்த நினைப்பில் பிழை இல்லை. ஆனால் அனுப்ப முடியாமலே போனால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நெல் ஏற்ற லொறி வராத நாளில் மூட்டையை அறைக்குள்ளேயே அடுக்குவோமே, மறுநாளும் வராவிட்டால் அதற்கு மேல் அடுக்குவோமே, அதுதான். ஒரு பிரதி 2.1 ஜிபி. சேர்வரில் வெறுமையாக இருந்தது 19 ஜிபி. ஒன்பது இரவு அடுக்கியது, பத்தாவது இரவு மூட்டை வைக்க இடமில்லை.

அனுப்ப முடியாமல் போனது ஜிமெயிலில் இடம் முடிந்ததால். ஏன் இடமில்லை என்று கேட்பீர்கள். அந்த 15 ஜிபியை மெயில், டிரைவ், படங்கள் எல்லாமே பங்கு போடுகின்றன. கடைப் போனில் எடுக்கிற படங்களும் வீடியோக்களும் அதே கணக்குக்குத் தானாக ஏறிக்கொண்டிருந்திருக்கின்றன. தயவுசெய்து இதை உங்கள் பிழை என்று எடுக்காதீர்கள். பனங்கட்டி காய்ச்சுகிற வீடியோ எடுத்துப் போடுங்கள் என்று உங்களைத் தூண்டியதே நான்தான், அது எங்கே போய்ச் சேரும் என்று பார்ப்பதும் என் வேலைதான்.

டிஸ்க் நிறைந்ததும், ஓர்டர்களை எழுதி வைக்கிற தரவுத்தளம் விழவில்லை. விழுந்திருந்தால்கூட எனக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். அது நின்ற இடத்திலேயே நின்று, யாராவது இடம் ஒதுக்கித் தருவார்கள் என்று காத்திருந்தது. பகிடி இல்லை, பிழைக் குறிப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறது:

```
Waiting for someone to free space... Retry in 60 secs
```

நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு விடியும் வரை இருந்திருக்கிறது. பாவம் அது, அந்த யாராவது என்பவர் நித்திரையில் இருந்தார்.

கடை நின்றது நம் நேரம் அதிகாலை 1.12க்கு. திரும்பியது 6.14க்கு. ஐந்து மணியும் இரண்டு நிமிடமும். இரவில் யார் வாங்கப் போகிறார்கள் என்று ஆறுதல் சொல்ல நினைத்தேன், ஆனால் அது பொய்யாகிவிடும். நமக்கு 1.12 என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் பின்னேரம் 3.42, லண்டனில் இரவு 8.42. ரொறன்ரோவில் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுப் போனைத் தட்டுகிற நேரம் முழுக்க நம் கடை நின்றிருக்கிறது. ஆடிப்பிறப்புக்கு மூன்று கிழமை இருக்கிறது, கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் பனங்கட்டி தேடுகிற நாட்கள் இவை. இதைவிட மோசமான நேரம் பார்த்து நின்றிருக்க முடியாது.

பின்னே ஏன் எனக்குத் தெரியவில்லை? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடையைத் தட்டிப் பார்க்கிற ஒரு காவல் இருக்கிறது, நின்றால் என் போன் அலறும். அது தட்டியது முகப்புப் பக்கத்தை. முகப்புப் பக்கத்தை வேகத்துக்காகச் சேமித்து வைத்திருக்கிறோம், தரவுத்தளம் நின்றாலும் சேமித்த பிரதி போய்க்கொண்டே இருக்கும். அதனால் இரவு முழுவதும் எல்லாம் பச்சை. வாசலில் லைட் எரிகிறது, கதவும் திறந்திருக்கிறது, கல்லாவில் மட்டும் ஆள் இல்லை. வாடிக்கையாளர் பொருளைப் பார்த்தார், விலை பார்த்தார், வண்டியில் போடப்போனால் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு 504 என்று ஒரு வெள்ளைப் பக்கம். பிரதி அனுப்ப முடியவில்லை என்ற அறிவிப்பும் ஒன்பது இரவும் வந்திருக்கிறது, சேர்வருக்குள்ளேயே இருக்கும் ஒரு தபால்பெட்டிக்கு. அதை நான் திறந்து மாதக் கணக்காகிறது.

எத்தனை பேர் திரும்பிப் போனார்கள்? லொக்கில் வண்டிப் பக்கத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் திறக்க முயன்று தோற்றவை 37 தடவை, 14 வேறு வேறு இணைப்புகளில் இருந்து. அதில் சில ரோபோக்கள். 14 விற்பனை போனது என்று எடுக்க வேண்டாம், ஒன்றுமே போகவில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே வண்டியில் பொருள் போட்டு வைத்திருந்தவர்களின் வண்டி அப்படியே இருக்கிறது, திரும்பி வந்தால் கட்டலாம்.

இப்போது அந்த இரண்டு ஓர்டர். கடை நிற்பதற்கு ஓரிரு நிமிடம் முன்பு 2318ம் 2319ம் பணம் கட்டும் பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். பணம் கட்டியும் விட்டார்கள். "கட்டியாச்சு" என்று நம் கடைக்குச் செய்தி வந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. காலையில் கடை எழும்பியதும், பணம் வராத பழைய ஓர்டர் என்று நினைத்து இரண்டையும் தானாகவே ரத்து செய்துவிட்டது. உங்களுக்கு 6.15 அளவில் ரத்து மெயில் இரண்டு வந்திருக்கும், அவற்றை நம்பாதீர்கள். பணம் நம் கணக்கில் இருக்கிறது, கட்டணச் சேவையின் பக்கத்தில் தொகையையும் ஓர்டர் இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. இரண்டையும் மறுபடி அனுப்பவேண்டிய பட்டியலில் போட்டிருக்கிறேன். 2318 பனங்கட்டி நாலு கிலோ, 2319 மிளகாய்த்தூளும் புழுக்கொடியலும். இன்றைக்கே கட்டி வைத்தால் நல்லது. இருவருக்கும் உங்கள் பெயரில் இப்படி ஒரு வரி அனுப்பலாம், மாற்றவேண்டுமென்றால் மாற்றுங்கள்:

"வணக்கம். நேற்று எங்கள் தளத்தில் ஏற்பட்ட பிழையால் உங்கள் ஓர்டரை உறுதிப்படுத்தத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். பணம் வந்து சேர்ந்துவிட்டது, பொருள் கட்டியாயிற்று. திரும்பப் பணம் கட்டவேண்டாம்."

கடைசி வசனம் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் யாராவது இரண்டாம் தரம் கட்டுவார்கள், பிறகு வெளிநாட்டு அட்டைக்குப் பணம் திருப்புகிற பாடு நமக்கு.

காலையில் செய்தது அதிகமில்லை. 5.50க்கு உங்கள் மிஸ்ட் கோலைப் பார்த்துவிட்டு எழும்பினேன். வீட்டில் கரண்டும் இல்லை, போன் டேட்டாவில்தான் உள்ளே போனேன். டிஸ்க் 100 வீதம் என்று காட்டியது. கடைசியாக முழுமையாக முடிந்த பிரதி உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, அதை என் லாப்டொப்புக்கு இறக்கும் வேலையைத் தொடக்கிவிட்டு, மற்றவற்றை அழித்தேன். இடம் கிடைத்த ஒரு நிமிடத்துக்குள் தரவுத்தளம் தானே எழும்பிவிட்டது. என் பெயரில் ஒரு ஓர்டர் போட்டுப் பார்த்து ரத்து செய்தேன், 2320 என்று ஒன்று தெரிந்தால் அது நான்தான்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றை நானே சொல்லவேண்டும். ஐந்து மணி நேரம் கடை நின்றதைவிட எனக்கு நெஞ்சிடி வேறு. அந்த ஒன்பது நாளும் சேர்வருக்கு வெளியே உங்கள் கடைக்குப் புதிய பிரதி ஒன்றுகூட இல்லை. அந்த நாட்களில் சேர்வர் உண்மையிலேயே செத்திருந்தால், ஒன்பது நாள் ஓர்டர்களும், புதிதாகப் போட்ட பொருட்களும் படங்களும் போயிருக்கும். அப்படி நடக்கவில்லை என்பது அதிர்ஷ்டம், என் கெட்டித்தனம் இல்லை. நேற்று கடை நிற்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் கழித்து இதைக் கண்டிருப்பேனோ தெரியாது.

மாற்றிவிட்டவை இவை. பிரதிகளை உங்கள் ஜிமெயிலில் இருந்து எடுத்து, பேக்கப்புக்கென்றே தனியாக ஒரு இடம் வாங்கிவிட்டேன், இந்த வருடம் முடியும் வரை அந்தச் செலவு என்னுடையது. அனுப்ப முடிந்ததோ இல்லையோ, சேர்வரில் மூன்று பிரதிக்கு மேல் இருக்காது. பிரதி ஒருநாள் போகாவிட்டாலும், டிஸ்க் 80 வீதம் தாண்டினாலும் என் போனுக்கு நேரே செய்தி வரும், இன்று மத்தியானம் வேண்டுமென்றே பொய்க் கோப்பு ஒன்றால் டிஸ்க்கை நிரப்பிப் பார்த்தேன், வந்தது. காவல் இனி முகப்பைத் தட்டாது, வண்டிப் பக்கத்தைத் தட்டும். எனக்கு நித்திரை கலையாவிட்டால், பத்து நிமிடத்தில் வவுனியாவில் இருக்கும் என் நண்பனுக்கும் போகும், அவனுக்கும் இந்த வேலை தெரியும், என்ன செய்யவேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு உங்கள் கடைக்குள் நுழைய அனுமதி கொடுப்பது உங்களுக்குச் சம்மதமா என்று மட்டும் சொல்லுங்கள், நீங்கள் ஓம் என்னும் வரை கொடுக்கமாட்டேன்.

இந்த மாதப் பராமரிப்புக் காசு 12,000 வேண்டாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், போன தடவை மாதிரி எண்ணெய்ப் போத்தலுக்குள் சுருட்டி அனுப்பாதீர்கள்.

ஞாயிறு காலை பரந்தன் சந்தியில் பஸ் பிடித்துப் புதுக்குடியிருப்புக்கு வருகிறேன். கடைப் போனில் படங்கள் எந்தக் கணக்குக்கு ஏறவேண்டும் என்று மாற்றிவிடலாம், பழைய படங்களை ஒரு டிரைவில் இறக்கித் தருகிறேன், ஒன்றும் அழியாது. அதுவரை ஜிமெயில் "இடமில்லை" என்று சொன்னால் எதையும் அழிக்காமல் விடுங்கள். போன் சார்ஜ் போட்டு வையுங்கள்.

உங்கள் தம்பி,
நிரூபன்
கிளிநொச்சி