பத்து காவான் விரிவாக்கம்: 10 விழுக்காட்டுக் கழிவு விகிதம் ஏன்?

பெறுநர்: நிதிப்பிரிவு மேலாளர்
அனுப்புநர்: முதலீட்டு ஆய்வாளர், பிறை அலுவலகம்
நாள்: 12 ஜூலை 2024

வணக்கம் ஐயா,

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மூன்று விகிதங்கள் பேசப்பட்டன. வங்கி கேட்பது 5.5, நாம் வழக்கமாக வைப்பது 8, உற்பத்திப் பிரிவு எச்சரிக்கைக்காகச் சொன்னது 12. நான் 10 விழுக்காட்டை வைத்திருக்கிறேன். வாரியத்தில் இதைப் பற்றிக் கேள்வி வந்தால் உங்கள் கையில் இருக்க வேண்டிய விளக்கம் இது.

5.5 என்பது நம் கடனின் விலை மட்டுமே. புதிய ஆலைக்கு வங்கி 70 விழுக்காடு வரை தருவதாகச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் கடனுக்கு ஈடாக நிற்பது பிறை ஆலையும் சேர்த்து மொத்த நிறுவனமும். அங்கே கடன் வாங்கும் திறன் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே நிறுவனத்தின் இலக்கு விகிதமான 40 பங்கு கடன், 60 பங்கு சொந்த மூலதனம் என்பதையே எடுத்துக்கொண்டேன். 24 விழுக்காடு நிறுவன வரிக்குப் பின் கடனின் செலவு 4.18.

அடுத்து, 8 ஏன் போதாது. தகட்டு உறைகள் செய்யும் பிறை ஆலைக்கு அது பொருத்தம்தான். கடன் நீக்கிய பீட்டா 0.7 வைத்து நான் கணக்கிட்டபோதும் 7.8 வந்தது. பத்து காவானில் நாம் செய்யப்போவது குறைக்கடத்திச் சோதனைக் கருவிகளுக்கான துல்லிய உலோகப் பாகங்கள். அந்தத் தொழில் ஏறினால் மாடி, இறங்கினால் பள்ளம். புர்சாவில் பட்டியலிடப்பட்ட ஐந்து ஒத்த நிறுவனங்களின் பீட்டாவிலிருந்து கடனின் தாக்கத்தை நீக்கியபோது நடு மதிப்பு 1.1. நம் கடன் அளவுக்கு மீண்டும் ஏற்றினால் 1.66.

பத்தாண்டு மலேசிய அரசாங்கப் பத்திரத்தின் வருவாய் ஏறத்தாழ 3.9. பேங்க் நெகாராவின் 3.00 விழுக்காட்டுக் கொள்கை வட்டியைச் சிலர் கேட்டார்கள். அது ஓரிரவுக் கடனுக்கானது, ஏழாண்டு ஆலைக்கு ஒவ்வாது. பங்குச் சந்தை இடருக்கான கூடுதல் வருவாய் 6 என்பது என் தீர்ப்பு. ஆகவே சொந்த மூலதனத்தின் செலவு 3.9 + 1.66 × 6 = 13.86. அதில் 60 பங்கும் கடனின் செலவில் 40 பங்கும் சேர்த்தால் 9.99.

ரொக்கவரவுகள் விலையேற்றம் உள்ளடங்கியவை, விகிதமும் அப்படியே. டாலர் விற்பனையை வட்டி வேறுபாட்டின்படி ஆண்டுதோறும் சற்றே குறையும் மாற்று விகிதத்தில் ரிங்கிட்டாக்கியிருக்கிறேன். கணக்குப் பிரிவின் தாளில் கடன் வட்டி ரொக்கவரவிலும் கழிக்கப்பட்டிருந்தது. வட்டி ஏற்கெனவே விகிதத்துக்குள் இருப்பதால் அதை நீக்கிவிட்டேன்.

இப்போது 12. உற்பத்திப் பிரிவின் பயம் நியாயமானது: விற்பனையில் 60 விழுக்காடு ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கிறது. ஆனால் அந்தப் பயத்தை விகிதத்தில் கரைத்துவிட்டால் எவ்வளவு பயம், எதற்கான பயம் என்று பிறகு யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. ஏழாம் ஆண்டு ரொக்கம் முதலாம் ஆண்டினதைவிட மிக அதிகமாகத் தண்டிக்கப்படும். நம் ஆபத்தோ தொடக்கத்தில்தான் இருக்கிறது.

திட்டமிட்டபடி நடந்தால் முதலீடு 38 மில்லியன் ரிங்கிட், ஆண்டு வரவு 8 மில்லியன், ஏழு ஆண்டுகள். (வாடிக்கையாளர் ஆண்டுதோறும் கேட்கும் விலைக்குறைப்பு விலையேற்றத்தை விழுங்கிவிடுவதால் வரவைத் தட்டையாக வைத்தேன்.) நிகர நிகழ்கால மதிப்பு 8 விழுக்காட்டில் 3.65 மில்லியன், 10-இல் 0.95 மில்லியன், 12-இல் 1.49 மில்லியன் நட்டம். திட்டத்தின் உள்வருவாய் 10.75 அளவில் நிற்கிறது. விகிதத்தைப் பற்றி இவ்வளவு சண்டை எழுந்ததன் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

10 விழுக்காட்டை மாற்றாமலே ஆர்டர்கள் ஓராண்டு தாமதமானால் என்ன ஆகும் என்று பார்த்தேன்: 2.59 மில்லியன் நட்டம். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அதற்கு உண்டென்று கொண்டால் எதிர்பார்ப்பு மதிப்பு 65 ஆயிரம் ரிங்கிட், அதாவது பூஜ்யத்துக்கு ஒரு படி மேலே. நான்கில் ஒன்று என்பது என் ஊகம். விற்பனைப் பிரிவு வேறு எண் தந்தால் மாற்றிவிடலாம். ஆனால் பீட்டாவை நாம் எவ்வளவு சீராக்கினாலும் இந்த ஒரு ஊகம் அதைவிடக் கனமானது.

பீட்டாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஐந்து நிறுவனங்களின் மதிப்புகள் 0.9 முதல் 1.4 வரை பரவியிருந்தன. மேல் எல்லையைப் பிடித்தால் விகிதம் 11.6 ஆகும், திட்டம் நிற்காது. நம்முடையது கருவி அல்ல, பாகம் என்பதால் நடு மதிப்பில் நின்றேன்.

வாரியத் தாளில் 10 விழுக்காட்டையும் தாமதக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட உங்கள் ஒப்புதல் வேண்டும். குறைந்தபட்ச ஆர்டர் உறுதியை வாடிக்கையாளரிடம் எழுத்தில் பெற முடியுமா என்று விற்பனைப் பிரிவிடம் நீங்களே கேட்டால் நல்லது. நான் கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள். கணக்குத் தாளை வெள்ளிக்கிழமைக்குள் பொதுக் கோப்பில் வைத்துவிடுகிறேன்.