பொருள்: தனி ஊசல் செய்முறை அறிக்கையைத் திருத்தி மீண்டும் சமர்ப்பித்தல்

அன்புள்ள கயல்விழி,

தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும் செய்முறைக்கு நீங்கள் கடந்த வாரம் அளித்த அறிக்கையைப் படித்தேன். இப்போதுள்ள நிலையில் அதற்கு 25க்கு 10 மதிப்பெண்தான் போட முடிகிறது. தேர்ச்சிக்கு 12 வேண்டும். ஆகவே அதைத் திருத்தி, மார்ச் 14 வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் மீண்டும் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுசமர்ப்பிப்புக்கு அதிகபட்சமாக 20 மதிப்பெண் வழங்கலாம் என்பது எல்லா மாணவர்களுக்கும் பொதுவான விதி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அளவீடுகள் நன்றாக இருக்கின்றன. 40 செ.மீ. முதல் 90 செ.மீ. வரை ஆறு நீளங்களுக்கும் 20 அலைவுகளின் நேரத்தைக் குறித்திருக்கிறீர்கள். அட்டவணையில் அடித்தல் திருத்தல்களை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறீர்கள். பலர் செய்யாத காரியம் அது. குறை அளந்ததில் இல்லை, அளந்ததிலிருந்து முடிவுக்குப் போன வழியில்தான் இருக்கிறது.

அட்டவணையின் கடைசி நிரலைப் பாருங்கள். 40 செ.மீ. நீளத்துக்கு 25.77 விநாடி, அதிலிருந்து g 9.51 என வருகிறது. 90 செ.மீ. நீளத்துக்கு 38.34 விநாடி, g 9.67. இடையிலுள்ள நான்கு மதிப்புகளும் நீளம் கூடக்கூட ஒரே சீராக ஏறுகின்றன. நீங்கள் இந்த ஆறையும் கூட்டிச் சராசரி எடுத்து, 9.81இலிருந்து உள்ள வேறுபாட்டுக்கு "மனிதப் பிழையே காரணம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் நேரும் பிழையாக இருந்தால் மதிப்புகள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்க வேண்டும். இப்படி வரிசை கட்டி ஏறுவது முறையான பிழையின் அடையாளம், அதைச் சராசரியால் போக்க முடியாது. குண்டின் விட்டம் 2.4 செ.மீ. என்று முதல் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீளத்தை எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தீர்கள் என்பதை உங்கள் படத்தில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

வரைபடமும் இதையேதான் சொல்ல முயன்றிருக்கிறது. L-க்கு எதிராக T² வரைந்து, கோட்டை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளி வழியே இழுத்திருக்கிறீர்கள். புள்ளிகள் அங்கே போகவில்லை. அவை காட்டும் இடத்திலேயே கோட்டைப் போட்டு, சாய்விலிருந்து g-யைக் கணக்கிடுங்கள். T² அச்சில் கிடைக்கும் வெட்டுத்துண்டு எதைக் குறிக்கிறது என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் விளக்குங்கள். மறுசமர்ப்பிப்பில் நான் முதலில் புரட்டிப் பார்க்கப் போவது இந்தப் பகுதியைத்தான்.

இறுதி விடையை 9.60893 என ஐந்து தசம இடங்களில் தந்திருக்கிறீர்கள். 25.77 விநாடியில் 0.2 விநாடி பிசகினாலே g ஏறத்தாழ 1.6 விழுக்காடு மாறிவிடும். அதாவது முதல் தசம இடமே நிச்சயமில்லை. கணிப்பான் காட்டிய இலக்கங்களை எல்லாம் எழுதாமல், அளவீடு தாங்கக்கூடிய முக்கிய எண்ணுருக்களை மட்டும் வைத்துக்கொண்டு, விடையோடு அதன் பிழை வரம்பையும் குறிப்பிடுங்கள். ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று முறை நேரம் குறிக்க வேண்டும் என்பது செய்முறைக் குறிப்பிலேயே உள்ள தேவை. உங்களிடம் ஒரே ஒரு முறை எடுத்த அளவுதான் இருக்கிறது. மார்ச் 10 திங்களன்றும் 12 புதனன்றும் பிற்பகல் 2 முதல் 4 மணி வரை ஆய்வகம் திறந்திருக்கும். அதே ஊசலை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். மீதி அளவுகளை அப்போது எடுத்துவிடலாம். பழைய அளவுகளை நீக்க வேண்டாம்.

கோட்பாட்டுப் பகுதி செய்முறைக் குறிப்பின் வரிகளை அப்படியே கொண்டிருக்கிறது. அரைப்பக்கம் போதும், ஆனால் உங்கள் சொற்களில் இருக்கட்டும். குறிப்பாக, வீச்சுக் கோணத்தைச் சிறியதாக வைப்பது ஏன் என்பதை எழுதுங்கள். மொழி சற்றுத் தடுமாறினாலும் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அறிமுகம், கருவிகள், படம் ஆகியவற்றில் மாற்றம் தேவையில்லை. ஏற்கெனவே அளவுகள் கையில் இருப்பதால், இரண்டு மாலை நேரம் ஒதுக்கினால் வேலை முடிந்துவிடும் என்று கணிக்கிறேன். இந்த அறிக்கை 20ஐ எட்டக்கூடியது என்று தோன்றியதால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

வெட்டுத்துண்டுப் பகுதியில் சிக்கல் வந்தால், வியாழக்கிழமை காலை 11 மணிக்கு உங்கள் வரைபடத்தாளோடு என் அறைக்கு வாருங்கள். திங்கள், புதன் இரண்டில் எந்த நாள் ஆய்வகத்துக்கு வருகிறீர்கள் என்பதை மட்டும் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
இளவரசன்
விரிவுரையாளர், இயற்பியல் துறை