திருட்டா, இல்லையா? இங்கிலாந்துச் சட்டத்துக்கான பயிற்சித் தாள்

லண்டன் எல்எல்பி-யில் குற்றவியல் சட்டம் எடுப்பவர்களுக்கான தாள் இது. ஒவ்வொரு சம்பவத்தையும் படித்ததும் நிறுத்தி, உங்கள் விடையை இரண்டு வரியாவது எழுதிவிட்டு அப்புறம் என் குறிப்பைப் படியுங்கள். எழுதாமல் படித்தால் எல்லாமே தெரிந்தது போலத்தான் இருக்கும்.

முதலில் சட்டம். 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம், பிரிவு 1: பிறருக்குச் சொந்தமான சொத்தை, அவர் அதை நிரந்தரமாக இழக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, நேர்மையற்ற முறையில் ஒருவர் தன்வயப்படுத்தினால் அது திருட்டு. இதற்குள் ஐந்து கூறுகள் இருக்கின்றன. தன்வயப்படுத்தல், சொத்து, பிறருக்குச் சொந்தமாக இருத்தல் ஆகிய மூன்றும் செயல் பக்கம். நேர்மையின்மையும் நிரந்தரமாக இழக்கச் செய்யும் எண்ணமும் மனம் பக்கம். ஐந்தும் ஒரே நொடியில் சேர்ந்து நிற்க வேண்டும், ஒன்று விழுந்தாலும் திருட்டு இல்லை. அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு.

இந்தியாவிலோ இலங்கையிலோ சட்டம் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருங்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் 378, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 303, இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 366, இவை எதுவும் நிரந்தரமாக இழக்கச் செய்யும் எண்ணத்தைக் கேட்பதில்லை. அனுமதியில்லாமல் விமானத்தை ஓட்டிக்கொண்டு போன விமானப்படைப் பயிற்சி மாணவர் வழக்கில் (கே.என். மெஹ்ரா, 1957) தற்காலிகமாக எடுத்தாலே போதும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பழக்கத்தில் இங்கிலாந்துத் தாளில் எழுதினால் பாதிக் கேள்வி போய்விடும்.

சம்பவம் 1. வெம்பிளி ஸ்டேஷன் வாசலில் பூட்டாமல் நின்ற சைக்கிளைக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ரவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். மறுநாள் காலை அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறான்.

தன்வயப்படுத்தல் உண்டு, சொத்து உண்டு, அது இன்னொருவருடையது, நேர்மையின்மையையும் ஜூரி ஏற்கக்கூடும். ஆனால் எடுக்கும்போதே திருப்பித் தரும் எண்ணம் இருந்ததால் திருட்டு நிற்காது. அதற்காக ரவி சும்மா தப்பிவிடுவதில்லை, அனுமதியின்றி சைக்கிள் எடுப்பதற்குப் பிரிவு 12(5) தனிக் குற்றமாக இருக்கிறது. இப்போது கதையை ஒரு இடத்தில் மாற்றுங்கள்: வீட்டு வாசலில் இறங்கி, சைக்கிளைப் பக்கத்துக் கால்வாயில் தள்ளிவிடுகிறான். தள்ளும் அந்த நொடியில் உரிமையாளருக்கு அது திரும்பிக் கிடைக்காது என்று தெரிந்தே செய்கிறான், ஆகவே அந்த நொடியில் திருட்டு. எடுத்தபோது என்ன நினைத்தான் என்று மட்டும் பார்த்து நிறுத்தாமல், கதை முழுக்க அவன் உரிமையாளர் போல நடந்துகொண்ட ஒவ்வொரு நொடியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இந்தத் தாளில் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது அதுதான்.

சம்பவம் 2. ஹாரோவில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் நிற்கும் சுதா வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று புதன்கிழமை 40 பவுண்ட் எடுக்கிறாள். கடன் எடுக்கக் கூடாது என்று முதலாளி முன்பே சொல்லியிருக்கிறார்.

"திருப்பித் தரப் போகிறாள், எனவே எண்ணம் இல்லை" என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம். தவறு. அவள் எடுத்தது அந்த இரண்டு 20 பவுண்ட் நோட்டுகள், வைக்கப் போவது வேறு நோட்டுகள். அலுவலகப் பெட்டகத்திலிருந்து 1,050 பவுண்ட் எடுத்த வெலுமில் வழக்கில் (1989) மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: அதே மதிப்பைத் திருப்பித் தரும் எண்ணம் நேர்மையின்மைக் கேள்விக்கு உதவலாம், நிரந்தரமாக இழக்கச் செய்யும் எண்ணத்தை அது இல்லாமல் ஆக்காது.

ஆக, சண்டை முழுவதும் நேர்மையின்மையில். இந்த இடத்தில் பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் கோஷ் (1982) சோதனையை எழுதிவிடுகிறார்கள். அது போய்விட்டது. ஐவி எதிர் ஜென்டிங் கசினோஸ் (2017) வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டது, பார்ட்டன் மற்றும் பூத் (2020) வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்ற வழக்குகளுக்கும் ஐவிதான் என்று உறுதிசெய்தது. இப்போதைய வழி இது: முதலில், உண்மை நிலவரம் பற்றி அவளுக்கு என்ன தெரியும், அவள் என்ன நம்பினாள் என்று பாருங்கள். நம்பிக்கை நியாயமானதாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாக இருந்தால் போதும். அப்புறம், அந்த நிலவரத்தில் அவள் செய்தது சாதாரண, நாகரிகமான மனிதர்களின் அளவுகோலில் நேர்மையா என்று கேளுங்கள். "நான் செய்தது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை" என்று அவள் சொல்வது இனி எடுபடாது. முதலாளி தடுத்தது தெரிந்தே எடுத்தாள், அதனால் சுதாவுக்குச் சிரமம்தான். பணம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் நேர்மையின்மை இருக்கலாம் என்று பிரிவு 2(2) சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் சொந்தக் கருத்து: சம்பளம் குறைவாக இருக்கும் வேலையில் இரண்டு நாளுக்கு 40 பவுண்ட் எடுத்த ஒருத்தியைத் திருடி என்று அழைக்கலாமா என்பது ஜூரியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது, இது சட்டத்தில் உள்ள உண்மையான பலவீனம். கட்டுரைக் கேள்வி வந்தால் தைரியமாக எழுதலாம்.

சம்பவம் 3. அறக்கட்டளைக் கடை வாசலில் இரவில் யாரோ வைத்துவிட்டுப் போன துணி மூட்டைகளை வேன் வைத்திருக்கும் ஜெகன் ஏற்றிக்கொள்கிறான். "வேண்டாமென்று போட்டதுதானே" என்கிறான்.

இரண்டு கேள்வியைக் கலக்காதீர்கள். மூட்டை யாருக்காவது சொந்தமா என்பது ஒன்று. ரிக்கெட்ஸ் வழக்கில் (2010) உயர் நீதிமன்றம் சொன்னபடி, வைத்தவர் அதைக் கைவிடவில்லை, அறக்கட்டளைக்குக் கொடுக்க நினைத்தார். கடை எடுத்துக்கொள்ளும்வரை அது அவருடையதே. ஆகவே பிறருக்குச் சொந்தம். ஜெகன் என்ன நம்பினான் என்பது இன்னொன்று. கைவிடப்பட்ட பொருள் என்று அவன் உண்மையாகவே நம்பியிருந்தால் நேர்மையின்மை விழுந்துவிடும், ஸ்மால் (1987) வழக்கில் பழைய காரை எடுத்தவர் தப்பியது அப்படித்தான். ஆனால் கடைப் பலகைக்குக் கீழே இரவு 2 மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு ஏற்றினான் என்றால் அந்த நம்பிக்கையை ஜூரி நம்புமா? நம்பிக்கை நியாயமற்றதாக இருந்தால் அது பொய் என்பதற்குச் சான்றாகும், அவ்வளவுதான்.

சம்பவம் 4. குமார் தனக்கு 50 பவுண்ட் கடன்பட்டவரின் மேசையிலிருந்து 50 பவுண்டை எடுத்துக்கொள்கிறான். கடனை இப்படி வசூலிக்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று நிஜமாகவே நம்புகிறான்.

பிரிவு 2(1)(அ). சட்டப்படி உரிமை உண்டு என்ற நம்பிக்கை இருந்தால் நேர்மையின்மை இல்லை. ராபின்சன் (1977). நம்பிக்கை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஐவிக்குப் போகும் முன்பே பிரிவு 2-ஐப் பாருங்கள், கேள்வி அங்கேயே முடிந்துவிடலாம்.

சம்பவம் 5. ஈஸ்ட் ஹாமில் மசால் தோசை சாப்பிட்டு முடித்த பிறகுதான் பர்ஸை வீட்டில் விட்டுவிட்டது பிரகாஷுக்குத் தெரிகிறது. சொல்லவும் கூச்சம், பேசாமல் எழுந்து போய்விடுகிறான்.

நேர்மையற்ற எண்ணம் வந்த நேரத்தில் தோசை அவனுடையது, வயிற்றில் வேறு இருக்கிறது. பிறருக்குச் சொந்தமான சொத்து எதுவும் மிச்சமில்லை. பெட்ரோல் போட்டுவிட்டுப் போன எட்வர்ட்ஸ் எதிர் டின் (1976) வழக்கிலும் இதே பிரச்சினைதான். 1978 சட்டத்தின் பிரிவு 3, பணம் செலுத்தாமல் நழுவுதல் என்ற குற்றம், இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது. ஆரம்பத்திலிருந்தே கொடுக்கும் எண்ணமில்லாமல் உட்கார்ந்திருந்தால் விடை மாறும்.

சம்பவம் 6. (அ) பரீட்சைக்கு முந்தின நாள் கேள்வித்தாளை எடுத்து, போட்டோ பிடித்து, அங்கேயே வைத்துவிடுகிறாள் நிலா. (ஆ) தோழியின் மாதாந்திர ரயில் பாஸை எடுத்து, மாதம் முடிந்ததும் திருப்பித் தருகிறாள். (இ) பக்கத்து வீட்டுக்காரரின் காரை எடுத்து, "200 பவுண்ட் கொடுத்தால்தான் கார்" என்கிறாள்.

(அ)-வில் கேள்விகள் என்ற தகவல் சொத்தே இல்லை, ஆக்ஸ்ஃபோர்ட் எதிர் மாஸ் (1979). காகிதம் சொத்துதான், ஆனால் அதை இழக்கச் செய்யும் எண்ணம் இல்லை. (ஆ) பிரிவு 6-க்கு நல்ல பயிற்சி. கடன் வாங்குவது போலத்தான் தெரிகிறது, ஆனால் காலமும் சூழலும் முழுதாக எடுத்துக்கொண்டதற்குச் சமமானால் நிரந்தரமாக இழக்கச் செய்யும் எண்ணம் இருந்ததாகவே கருதப்படும். லாயிட் (1985) வழக்கில் தியேட்டரிலிருந்து படச்சுருளைச் சில மணி நேரம் எடுத்துப் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பினார்கள். சுருளில் இருந்த பயன் அத்தனையும் போய்விடவில்லை, இன்னும் திரையிடலாம், அதனால் தண்டனை ரத்தானது. முடிந்துபோன பாஸில் என்ன பயன் மிச்சமிருக்கிறது? ஒன்றுமில்லை. பத்து நாள் பாக்கியிருக்கும்போது திருப்பினால்? அங்கேதான் நீங்கள் வாதாட வேண்டும், நான் எழுதித் தரமாட்டேன். (இ)-வில் அவருடைய பொருளை அவருக்கே விலைக்கு விற்கிறாள், தன்னுடையது போல அகற்றுகிறாள், அதனால் பிரிவு 6(1)-இன் முதல் பாதியே போதும். ராஃபேல் (2008).

சம்பவம் 7. சம்பளம் கூடுதலாக வந்ததைக் கவனித்தும் ஒருவர் பேசாமல் இருக்கிறார்.

பிரிவு 5(4). தலைமை வழக்கறிஞரின் 1983-ஆம் ஆண்டு முதல் குறிப்பில் ஒரு பெண் போலீஸின் கணக்கில் தவறாக விழுந்தது 74.74 பவுண்ட். திருப்பித் தரும் சட்டக் கடமை இருக்கும்வரை அந்தத் தொகை அனுப்பியவருக்கே சொந்தம். வழக்கைத் தெரிந்திருந்தால் இரண்டு நிமிடக் கேள்வி.

சம்பவம் 8, வீட்டில் எழுத வேண்டியது. கல்யாண மண்டபத்தில் மீனா தன் குடை என்று நினைத்து இன்னொருவருடைய குடையை எடுத்து வருகிறாள். வீட்டில் பார்த்தால் பிடியில் வேறொரு பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. நல்ல குடை, வைத்துக்கொள்கிறாள். மூன்று வாரம் கழித்து அக்கா சாரதாவிடம் விஷயத்தைச் சொல்லி 5 பவுண்டுக்குக் கொடுக்கிறாள். சாரதா அடுத்த நாளே மனம் கேட்காமல் அந்த நம்பருக்கு போன் செய்து குடையைத் திருப்பித் தந்துவிடுகிறாள்.

மண்டபம், வீடு, விற்பனை, திருப்பித் தந்தது என்று நான்கு இடமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யாருடைய மனத்தில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். பிரிவு 3(1)-இன் பின்பாதியைப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள். சாரதா மனம் மாறியது அதற்கு முன் முடிந்த எதையும் அழிக்குமா என்பதற்கும் பதில் வேண்டும். 800 சொல்லுக்குள், சனிக்கிழமை இரவுக்குள் அனுப்பிவிடுங்கள், ஞாயிறு வகுப்பில் உங்கள் விடைகளை வைத்துத்தான் பேசப் போகிறோம்.